வடக்குப் பல்கனியில் மொன்ஸ்டெரா அல்போ: இரண்டு வருடங்களுக்குப் பிறகு

மொன்ஸ்டெரா அல்போ, அதுதான் பச்சை இலையில் வெள்ளை ஓடுகிற அந்தச் செடி, விலை இறங்கிவிட்டதாம். நான் வாங்கியதில் பாதிக்கும் குறைவாம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்கிறாள்: "அக்கா, உங்கட பல்கனியில நிக்குதுதானே, நானும் ஒண்டு எடுக்கட்டோ?"

நிற்கிறதுதான். எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல, அதை விற்ற கண்டிக் கடைக்காரருக்கு நான் எழுதிய மின்னஞ்சலில் இருந்து தொடங்கவேண்டும்.

"எங்கள் பல்கனி காய்ந்த, வெளிச்சமான இடம். இந்தச் செடி ஒத்துவருமா?" என்று ஒரு ஜனவரியில் கேட்டேன். எந்தப் பக்கம், நேர் வெயில் எத்தனை மணி நேரம் என்று அவர் திருப்பிக் கேட்டார். வடக்குப் பக்கம், நேர் வெயில் படாது என்று எழுதினேன். பொய் இல்லை. ஜனவரியில் ஒரு துளி வெயிலும் உள்ளே வராது. தாராளமாக வைக்கலாம் என்றார்.

மே மாதம் வெயில் வந்தது. திருகோணமலையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு வெயில் சரிந்து, கம்பியோரம் இருந்த சாடியில் நேரே விழுந்தது. கூடவே கச்சான் காற்று.

மூன்றே நாளில் புது இலையின் வெள்ளைப் பாதி பழுப்பாகிக் கடதாசிபோல மொறுமொறுத்தது. அதே இலையின் பச்சைப் பாதிக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் கூடிப்போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். சாடியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தேன். அழுகல் இல்லை, வெளுப்பாக உறுதியாக இருந்தது. தண்ணீர்ப் பிழை என்றால் பழுத்து மஞ்சள் ஓடியிருக்கும். இது வெயில் பட்ட இலையின் வெள்ளையை மட்டும் சுட்டிருந்தது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, வெயிலில் சீக்கிரம் கருகும். கருகினால் திரும்பி வராது.

கடைக்காரர் மேல் பொல்லாத கோபம். கோடையில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு கதை. வீடு மாறி வந்து அப்போது மூன்று மாதம்தான்.

போன வருடம் ஏப்ரல் பிறந்ததுமே சாடியை உள்ளே இழுத்து, கதவிலிருந்து ஆறடி தள்ளி வைத்தேன். செப்டெம்பரில் திரும்ப வெளியே. அந்த வருடம் ஐந்து இலை, ஒன்றும் கருகவில்லை. அதில் ஒன்று சரிபாதி வெள்ளை, காலையில் தேத்தண்ணியோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் வருடத்தில் ஐந்து மாதம் வீட்டுக்குள் கிடக்கிற செடியைப் பல்கனிச் செடி என்று நான் சொல்லமாட்டேன்.

தங்கச்சிக்கு வாங்கவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளின் பல்கனி மேற்குப் பக்கம், அங்கே வருடம் முழுக்கப் பின்னேர வெயில். அவள் கேட்கவில்லை. சரி, அவளுக்காக என் செடியில் கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறேன், வேர் வரட்டும்.