அஞ்சு மொழியில பேர் பார்த்துத் தாறம் எண்டு 45,000 ரூபா வாங்கினவையின்ர கதை

யாழ்ப்பாணத்தில சாப்பாட்டுச் சாமான் செய்து விக்க வெளிக்கிடுற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. நானும் அம்மாவும் கொக்குவில்ல வீட்டில வச்சு குரக்கன் முறுக்கும் சாமை மிக்சரும் செய்து குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள், சரி பக்கெற்றில போட்டு வவுனியா, கொழும்புக்கும் அனுப்புவம், வெளிநாட்டுச் சொந்தக்காரரும் வாங்குவினம் எண்டு யோசிச்சு ஒரு பேர் வைக்கப் போனம். அங்கதான் பிழைச்சது.

டவுனில பிராண்டிங் செய்யிற ஒரு இடம், பேர் சொல்லேல்ல. பேர், லோகோ, அதோட தமிழ், சிங்களம், இங்கிலிஷ், பிரெஞ்ச், ஜெர்மன் அஞ்சிலயும் கருத்தும் உச்சரிப்பும் பார்த்த ரிப்போர்ட், எல்லாம் சேர்த்து 45,000. அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் நான் ஓமெண்டனான், லோகோவை எங்கட தம்பியே கீறியிருப்பான்.

ரெண்டு கிழமையால "புகா" எண்டு கொண்டு வந்தினம். பழந்தமிழ்ல உணவு எண்டு அர்த்தமாம். அது பொய்யில்லை, அகராதியில இருக்கு. அம்மா மட்டும் கேட்ட உடனயே, "உது காத்துப் புகா டப்பா எண்டுற புகா எல்லே, வாய்க்குள்ள போகாது எண்டோ சாப்பாட்டுக்குப் பேர் வைக்கிறது?" எண்டவ. நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். இங்கிலிஷ்ல பீ, யூ, கே, ஏ எண்டு போட்டு 2,000 ஸ்ரிக்கர் அடிச்சாச்சு.

முதல் பெட்டி வவுனியாவில ஒரு சிங்கள ஐயாவின்ர கடைக்குப் போச்சு. அண்டைக்குப் பின்னேரமே கோல். "நங்கி, சாமான் நல்லம், ஆனா இதை முன்னுக்கு வைக்க ஏலாது" எண்டு இழுக்கிறார், ஏன் எண்டு கேட்டா சொல்லக் கூச்சப்படுறார், பின்னால மனுசி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேக்குது. கடைசியில அவவே போனை வாங்கிச் சொன்னா: சிங்களத்தில அந்தச் சத்தம் நாங்கள் குந்தி இருக்கிற பின்பக்கத்தைச் சொல்லுற கொச்சைச் சொல்லாம். எனக்கு முகம் எல்லாம் எரிஞ்சு போச்சு. லண்டனில இருக்கிற மச்சாளுக்குப் படம் அனுப்பினா அவவின்ர பத்து வயசுப் பெடியன் "பியூக்கா" எண்டு வாசிச்சிட்டு, இது சத்தி எடுக்கிறதுக்குச் சொல்லுற "பியூக்" போல கிடக்கு எண்டானாம்.

பேந்துதான் அந்த ரிப்போர்ட்டை வடிவா எடுத்துப் பார்த்தன். ஆறு பக்கம், அஞ்சு பக்கம் படம். அவை செய்தது என்னெண்டா உணவு எண்ட கருத்தை மொழிபெயர்ப்பு இணையத்தளத்தில போட்டு ஒவ்வொரு மொழியிலயும் அதுக்கு என்ன சொல்லு எண்டு எடுத்து ஒட்டி, கீழ "பிரச்சினை இல்லை" எண்டு எழுதினதுதான். பார்க்க வேண்டியது நேர் எதிர்ப் பக்கம். எங்கட சத்தம் அந்த மொழியில ஏற்கனவே என்னவாக் கிடக்கு எண்டதுதான் கேள்வி. கொச்சைச் சொல்லு எழுத்து கொஞ்சம் மாறினாலும் காதில ஒண்டுபோலதான் விழும், அதை அந்த மொழியில பிறந்து வளர்ந்த ஆள்தான் பிடிப்பார். அதோட தமிழ்ல ஒரு "க"வை வச்சு இங்கிலிஷ்ல கே, ஜி, எச் மூண்டில எதையும் போடலாம், எதைப் போடுறமோ அதுக்கேத்த மாதிரி வெளியாள் வாசிப்பான். இதைப் பற்றி ரிப்போர்ட்டில ஒரு வரி இல்லை.

போய்க் கேட்டா, கே-யை எச் ஆக்குவம், இன்னும் 15,000 தாங்கோ எண்டினம். கடை ஐயாவிட்ட கேட்டன், "புஹு" எண்டா சிங்களத்தில உள்ளுக்கு ஒண்டுமில்லாத, வெறும் எண்டு கருத்தாம், அதுவும் கிட்டத்தான் வருது எண்டார். முறுக்குக்கு இது தேவையோ! ட்ரேட்மார்க்கும் பார்த்தாச்சு எண்டவை, பார்த்தது வெப்சைட் பேரை ஆரும் எடுக்காமல் கிடக்கோ எண்டதை மட்டும். ட்ரேட்மார்க் கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில, இப்பிடித் தானியத்தில செய்யிற நொறுக்குத்தீனிக்கு 30ஆம் வகுப்பில, தேடிப் பார்க்கிற விஷயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தில ஒழுக்கத்துக்கு மாறான குறியைப் பதிய ஏலாது எண்டும் இருக்கு, விண்ணப்பிச்சிருந்தா அந்தக் காசும் போயிருக்கும்.

இப்ப நாங்களே செய்யிறம். பேருக்கு மூண்டு சொல்லு யோசிச்சு வச்சிருக்கிறம். கருத்துச் சொல்லாமல் இங்கிலிஷ் எழுத்தை மட்டும் பேப்பரில எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுறது, பேந்து வேற ஒராளுக்குப் போனில சொல்லி எழுதிக் காட்டச் சொல்லுறது, கடைசியா "உங்கட பெடியள் இதை வச்சு எப்பிடிப் பகிடி பண்ணுவினம்?" எண்டு கேக்கிறது. பெரியாக்கள் மரியாதைக்கு மறைப்பினம், அதால ஒவ்வொரு மொழிக்கும் ஒரு இளம் ஆளும் வேணும். மூண்டில ஒண்டை போனில கேட்ட நாலு பேர் நாலு மாதிரி எழுதினவை, அது போச்சு.

காசு திரும்ப வரேல்ல. ஆரும் உங்களுக்கு இப்பிடி ரிப்போர்ட் தாறம் எண்டா, சிங்களத்துக்கு ஆர் வாசிச்சவர், அவர் என்ன சொன்னவர் எண்டு முதல் கேளுங்கோ, முழிச்சா எழும்பி வாங்கோ. அம்மா இப்பவும் இரவில தேங்காயெண்ணெய் பூசி பக்கெற்றில இருக்கிற ஸ்ரிக்கரைச் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறா.