புறக்கோட்டையின் 4, வெள்ளவத்தையின் 3: இரு மதிப்பீட்டு அளவுகோல்கள்

நான் மனிதவளப் பிரிவில் இருந்த கொழும்பு நிதி நிறுவனத்தில் ஒரு காசாளர் புறக்கோட்டைக் கிளையில் 5க்கு 4 வாங்கினார். மறு ஆண்டு வெள்ளவத்தைக்கு மாற்றலாகி, அதே வேலையை அதேபோலச் செய்து 3 வாங்கினார். சம்பள உயர்வு 4க்குத்தான். இரு முகாமையாளர்களிடமும் காரணம் கேட்டேன். “குறை சொல்ல எதுவுமில்லை, அதனால் 4” என்றார் முதலாமவர். “குறை சொல்ல எதுவுமில்லை, அதனால் 3” என்றார் மற்றவர். இருவரும் நேர்மையானவர்கள். ‘3: திருப்திகரம், 4: நன்று’ என்று அச்சிட்ட படிவம்தான் இருவரையும் இரு வழியில் அனுப்பியது.

இந்தச் சொல் அளவுகோலுக்கு ஒரு வசதி உண்டு: ஒரே நாளில் தயாரித்து எல்லாப் பதவிகளுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ‘நன்று’ எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் மனதிலேயே முடிவு செய்கிறார்கள்.

அதற்கு மாற்றாக 1963இல் உளவியலாளர்களான சிமித், கெண்டல் இருவரும் முன்வைத்ததுதான் நடத்தை சார்ந்த மதிப்பீட்டு அளவுகோல். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘பார்ஸ்’. அவர்கள் அதை மருத்துவமனைத் தாதியரின் வேலைக்காக உருவாக்கினார்கள். இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அடைமொழி இராது. அந்த வேலையில் உண்மையாக நடக்கக்கூடிய ஒரு செயல் எழுதப்பட்டிருக்கும்.

அந்தச் செயல்களை மனிதவள அதிகாரி தன் மேசையில் இருந்து எழுதிவிட்டால் வேலை கெட்டது. அவை கருமபீடத்தில் நின்றவர்களிடமிருந்து வர வேண்டும். நாங்கள் மேற்பார்வையாளர்களிடம் நல்லதும் கெட்டதுமாக நடந்த சம்பவங்களைக் கேட்டு எழுதினோம். பிறகு, அவற்றைச் சொல்லாத வேறு பத்துப் பேரிடம் கலைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தலைப்பில் சேரும் என்று கேட்டோம். ‘வரிசையில் ஆட்கள் நிற்கத் தேநீருக்குப் போனார்’ என்பதைப் பாதிப் பேர் ஒழுங்கிலும் பாதிப் பேர் வாடிக்கையாளர் சேவையிலும் போட்டார்கள். ஏழு பேராவது ஒத்துப்போகாத சம்பவத்தை நீக்கினோம்.

அடுத்து, ‘முறைப்பாடு கையாளல்’ என்ற தலைப்பில் மிஞ்சியவற்றுக்கு 1 முதல் 7 வரை புள்ளி கேட்டோம். ‘கணக்கில் வந்த பிழையை ஒப்புக்கொண்டு, தொலைபேசி இலக்கம் வாங்கி, மாலையில் தானே அழைத்து முடிவைச் சொன்னார்’ என்பதற்கு வந்தவை 6, 7, 6, 7, 6, 6, 7, 5, 6, 6. சராசரி 6.2. இது அளவுகோலில் 6க்கு நேரே போய் உட்கார்ந்தது.

‘முறைப்பாட்டைக் கேட்டதும் முகாமையாளரிடம் அனுப்பினார்’ என்பதற்கு வந்தவையோ 2, 6, 3, 7, 2, 5, 6, 1, 4, 6. சராசரி 4.2. சராசரியை மட்டும் பார்க்கிறவர் இதை நடுத்தரச் செயல் என்று 4க்கு நேரே எழுதிவிடுவார். உண்மையில் பத்துப் பேரில் ஒருவர்தான் இதற்கு 4 கொடுத்தார். சிலருக்கு இது தட்டிக்கழித்தல், சிலருக்குத் தன் அதிகார எல்லையை அறிந்து நடத்தல். புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் நியம விலகல் இதற்கு ஏறத்தாழ 2. எங்கள் எல்லை 1.5, ஆகவே நீக்கினோம். பார்ஸ் தயாரிப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். முகாமையாளர்களின் கருத்து வேறுபாடு ஓர் ஊழியரின் சம்பளத்தில் போய் விடிவதற்கு முன்பே, ஒரு தாளில் வெளிப்பட்டுவிடுகிறது.

பார்ஸிலும் சிக்கல் உண்டு. “இவர் மாலையில் யாரையும் அழைக்கவில்லையே, எப்படி 6 போடுவது?” என்று கேட்ட முகாமையாளர்கள் பலர். எழுதியிருப்பது ஒரு மாதிரிதான். ‘இப்படிச் செய்யக்கூடியவர் என்று எதிர்பார்க்கலாமா’ என்பதே கேள்வி. அந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரம் வேண்டும். ஆண்டு முழுவதும் திகதியிட்டுக் குறிப்பு எழுதாத முகாமையாளரின் கையில் பார்ஸும் வெறும் ஊகம்தான். தாராளமாகப் புள்ளி போடும் பழக்கத்தையும் இது தானாக நிறுத்தாது. படிவத்தை மாற்றுவதால் மட்டும் புள்ளிகள் பெரிதாகத் திருந்துவதில்லை என்பதே பிந்திய ஆய்வுகள் பலவற்றின் முடிவு. அதனால் முகாமையாளர்களை ஒன்றாக அமர்த்தி, எழுத்தில் விவரித்த மூன்று மாதிரி ஊழியர்களுக்குத் தனித்தனியே புள்ளி போடவைத்து, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்தோம்.

காசாளர் போல ஒரே வேலையைப் பல கிளைகளில் பலர் செய்யும் இடத்துக்கு நான் தயங்காமல் பார்ஸைத்தான் சொல்வேன். நிறுவனத்தில் ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவிக்கு இவ்வளவு உழைப்பு வீண். அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் ஒத்துக்கொண்ட இலக்குகளே போதும்.

கொழும்பில் இன்னுமொரு வேலை சேர்கிறது. படிவம் மும்மொழியிலும் போகும். நாங்கள் தமிழில் சேகரித்த சம்பவங்களைச் சிங்களத்தில் மொழிபெயர்த்ததோடு நிறுத்தாமல், சிங்களம் பேசும் மேற்பார்வையாளர்களிடம் மறுபடியும் புள்ளி கேட்டோம். இரண்டு சம்பவங்கள் அங்கே 1.5 என்ற எல்லையைத் தாண்டின. மூன்று மொழிப் படிவங்களிலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டோம்.