மலிவு போனில் இரண்டு கோடைகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மே மாதத்தில் மாலை ஆறு மணிக்குக்கூட அந்தக் கூரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் 4 ஜிபி ரேம் உள்ள, பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான ஒரு போனில் இரண்டு ஆண்டுகளாகத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடி வருகிறேன்.

ஆட்டம் இழுத்து இழுத்து ஓடியபோதெல்லாம், முதல் ஆறு மாதம் நானும் எல்லோரையும் போல ரேமைத்தான் குறை சொன்னேன். ரேமைக் காலி செய்வதாகச் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டேன். அது மூடிய செயலிகள் அடுத்த நிமிடமே மீண்டும் எழுந்து உட்கார்ந்தன. விளம்பரம் மட்டும் கூடுதலாக வந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் பத்து நிமிடம் ஆட்டம் வெண்ணெயாகப் போகிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் இழுக்கத் தொடங்குகிறது. டிசம்பர் இரவுகளில் இதே போனில் இதே ஆட்டம் அரை மணி நேரம் தாங்குகிறது. ரேம் போதவில்லை என்றால் டிசம்பரிலும் அல்லவா திணற வேண்டும்?

காரணம் வெப்பம். சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போனுக்குள் விசிறி கிடையாது. சூடு முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நானோ அதற்கும் தடித்த ரப்பர் கவர் மாட்டியிருந்தேன்.

சந்தேகத்தைத் தீர்க்கத் தம்பியின் லேப்டாப்பை வாங்கினேன். போனில் யுஎஸ்பி டீபக்கிங் வசதியை இயக்கி, முப்பது நிமிடம் ஆடி முடித்த கையோடு இணைத்து, லேப்டாப்பில் adb கருவியின் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
adb shell dumpsys battery
```

வந்த வரிகளில் temperature என்பதற்கு நேரே 446 என்று இருந்தது. அதைப் பத்தால் வகுக்க வேண்டும். பேட்டரியின் சூடு 44.6 டிகிரி செல்சியஸ். சிப் அதைவிடவும் சூடாக இருந்திருக்கும்.

அடுத்து நான் செய்ததுதான் உண்மையில் பலன் தந்தது. பிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, 60இலிருந்து 30ஆக இறக்கினேன். கேட்டால் பின்னடைவு போலத் தோன்றும். ஆனால் 60இல் ஒரு பிரேமை வரைய போனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி, 30இல் 33. வேலை பாதியாகும்போது சிப் மெதுவான வேகத்திலேயே, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடிவிடலாம். பத்து நிமிடம் 60 ஓடிவிட்டு 22க்கும் 40க்கும் இடையே ஊசலாடுவதைவிட, கடைசிவரை அசையாத 30இல் குறி வைப்பது எளிது. நிழல்களை அணைத்தேன், படத் தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கினேன், திரை வெளிச்சத்தைப் பாதியாக்கினேன், கவரைக் கழற்றினேன். அதே அறை, அதே மின்விசிறி, அதே முப்பது நிமிடம்: இம்முறை 398. ஒரு மணி நேரத்துக்கு 24 சதவீதம் குடித்த பேட்டரி இப்போது 14 குடிக்கிறது.

எல்லா இழுவைக்கும் சூடு காரணமல்ல. நின்ற இடத்தில் பார்வையைச் சுற்றிப் பாருங்கள். சுற்றுவதே வெட்டி வெட்டி வந்தால் போன் திணறுகிறது. சுற்றுவது சீராக இருந்து, எதிராளிகள் மட்டும் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றினால் இணையம் தடுமாறுகிறது. அதற்கு மேற்சொன்ன எதுவும் உதவாது.

செய்திருக்கக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை சூடான போனைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்ததும் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படிந்தது. கேமரா கண்ணாடிக்கு உட்புறமும் மூடுபனி. போன் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடியது. சார்ஜ் ஏறும் சூடும் ஆட்டத்தின் சூடும் ஒன்றாகச் சேர்ந்து பேட்டரியைத்தான் தாக்குகின்றன. ஓராண்டு அப்படி ஆடிய பிறகு ஒரு நாள் மேசையில் வைத்த போன் பம்பரம் போலச் சுழன்றது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வண்ணாரப்பேட்டையில் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பேட்டரி உப்பிவிட்டது. இன்னொரு முறை சார்ஜ் போட்டுவிடாதீர்கள்" என்றார். அழுத்தி மூடப் பார்க்காமல் கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார். புதுப் பேட்டரிக்கு 1,100 ரூபாய் ஆனது. இப்போது 80 சதவீதத்துக்கு ஏற்றி, கம்பியைக் கழற்றி, போன் ஆறிய பிறகுதான் ஆட்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் நான்கைந்து பேர் ஒரே இடத்தில் புகைக்குண்டு வீசினால் 30 என்பது 20க்கு இறங்குகிறது. இந்தச் சிப்பின் எல்லை அது. அமைப்பில் எதை மாற்றியும் அதைக் கடக்க முடியவில்லை. மே மாதத்தில் மட்டும் கூரைக்கு அடியில் ஆடுவதில்லை. கடல் காற்று ஏறி வரும் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.