இணையோட்டம் 38-ல் நிற்கிறது, எதிரோட்டம் 66-க்குப் போகிறது: பாஸ்டரைசரில் ஓர் ஒப்பீடு

பால் பதப்படுத்தும் ஆலையில் பச்சைப் பால் 4 டிகிரியில் வருகிறது. அதை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி அந்தச் சூட்டிலேயே வைத்து, மறுபடியும் 4 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். சூடான பாலின் வெப்பத்தை வீணாக்காமல் உள்ளே வரும் பச்சைப் பாலுக்கே கொடுப்பதுதான் ரீஜெனரேஷன் பகுதியின் வேலை. மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒரு பக்கம் சூடான பால், மறுபக்கம் பச்சைப் பால். இரண்டும் ஒரே பால், ஒரே அளவு ஓட்டம். ஆகவே ஒன்று எத்தனை டிகிரி இறங்குகிறதோ, மற்றது அத்தனை டிகிரி ஏறும்.

முதலில் இரண்டையும் ஒரே முனையில் விட்டு ஒரே திசையில் ஓடவிடுவோம். இது இணையோட்டம். நுழையும் இடத்தில் 72-க்கு எதிரே 4. கொஞ்ச தூரத்தில் 62-க்கு எதிரே 14. அப்புறம் 52-க்கு எதிரே 24. இப்படியே நெருங்கி நெருங்கி இரண்டும் 38-ஐ எட்டப் பார்க்கும். அங்கே வித்தியாசம் பூஜ்யம், வெப்பம் கடக்க எந்தக் காரணமும் இல்லை. பச்சைப் பால் 39 ஆக வேண்டுமென்றால் 37-ல் இருக்கும் பால் அதற்கு வெப்பம் கொடுக்க வேண்டும். குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு வெப்பம் தானாகப் போகாது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: இணையோட்டத்தில் இரண்டு பாலும் வெளியேறுவது ஒரே முனையில். வெளியேறும் கணத்தில்கூட ஒரே தகட்டின் இரு பக்கமும் அவைதான் இருக்கின்றன. அதனால்தான் ஒன்று மற்றதைத் தாண்ட முடிவதில்லை. பச்சைப் பாலின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அது 49 வரை ஏறும், உண்மைதான். ஆனால் சூடான பாலும் அதே 49-ல்தான் வெளியே வரும். சந்திக்கும் இடம் மாறுகிறதே தவிர, தாண்டல் நடப்பதில்லை.

இப்போது பச்சைப் பாலை மட்டும் மறுமுனையிலிருந்து விடுவோம். இது எதிரோட்டம். வெளியேறப் போகும் பச்சைப் பாலுக்கு எதிரே இருப்பது, அப்போதுதான் நுழைகிற 72 டிகிரிப் பால். வெளியேறப் போகும் சூடான பாலுக்கு எதிரே இருப்பது 4 டிகிரிப் பச்சைப் பால். தேவையான அளவு தகடுகள் இருந்தால் ஒரு முனையில் 72-க்கு 66, நடுவில் 41-க்கு 35, மறுமுனையில் 10-க்கு 4 என்று வழி நெடுக 6 டிகிரி வித்தியாசம் நிற்கும். பச்சைப் பால் 66-ல் வெளியேறுகிறது, சூடாக வந்த பால் 10-ல் வெளியேறுகிறது. எந்த இடத்திலும் விதி மீறப்படவில்லை. வெளியேறும் இந்த இரண்டு பாலும் ஒன்றையொன்று எங்குமே சந்திப்பதில்லை, அவ்வளவுதான்.

மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் ஆலையில் இதன் விலையைப் பார்க்கலாம். இணையோட்டத்தில் ஹீட்டர் 38-லிருந்து 72-க்கு ஏற்ற ஏறத்தாழ 380 கிலோவாட் வேண்டும். எதிரோட்டத்தில் 66-லிருந்து ஏற்ற 67 கிலோவாட் போதும். குளிரூட்டும் பக்கமும் இதே மிச்சம்.

ஆனால் 6 டிகிரி வித்தியாசத்தில் வெப்பம் மெதுவாகத்தான் கடக்கும், தகடுகள் நிறைய வேண்டும். எதிரோட்டத்தில் பச்சைப் பாலை 38-க்குக் கொண்டுபோகும் தகடுகளை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு பங்கில் 49, மூன்று பங்கில் 55, பத்துப் பங்கில் 66 வரை வருகிறது. இணையோட்டத்தில் அதே ஒரு பங்குக்கு 33, இரண்டு பங்குக்கு 37. மூன்றாவது பங்குக்குக் கிடைப்பது அரை டிகிரிதான். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு தகடும் வீண்செலவு என்றே சொல்வேன்.

ஒருமுறை ஓர் ஆலையில் கேஸ்கெட் மாற்றி மூடியபோது, பச்சைப் பால் பக்கத்தின் உள்வழிக் குழாயும் வெளிவழிக் குழாயும் இடம் மாறிவிட்டன. கசிவு இல்லை, அழுத்தம் சரி, பம்ப் சரி. ஆனால் நீராவி வால்வு முழுக்கத் திறந்தும் பால் 72-ல் நிற்கவில்லை. சூடு போதாத பாலைத் தொட்டிக்கே திருப்பிவிடும் வால்வு மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. முதலில் தகட்டில் படிவு என்றுதான் நினைத்தோம். ரீஜெனரேஷனின் இரண்டு வெளிவழித் தெர்மாமீட்டர்களையும் பார்த்த பிறகுதான் புரிந்தது: பால் முன்னோக்கி ஓடும்போதெல்லாம் இரண்டும் ஒட்டியபடி ஒரே எண்ணைக் காட்டின. படிவாக இருந்தால் பச்சைப் பாலின் சூடு சில டிகிரி குறையும். இப்படி இரண்டும் ஒன்றாகிப் போகாது.

அப்படியானால் இணையோட்டத்துக்கு இடமே இல்லையா? உண்டு. பாலை -3 டிகிரியிலும் உறையாத கிளைகோல் கரைசலால் குளிர வைக்கும்போது, எதிரோட்டத்தில் 4 டிகிரிக்கு வந்துவிட்ட பாலுக்கு எதிரே அந்த -3 நேராக நிற்கும். தகட்டை ஒட்டிய பால் உறையத் தொடங்கலாம். இணையோட்டத்தில் -3 சந்திப்பது சூடாக நுழையும் பாலை. பால் குளிர்வதற்குள் கரைசலும் சற்றுச் சூடேறிவிடும். கரைசலை மட்டும் தாராளமாக ஓடவிட வேண்டும். ஏனென்றால் அது வெளியேறும் சூட்டுக்குக் கீழே பால் இறங்காது.