சாதா பெட்ரோலா, ப்ரீமியமா: 110 சிசி ஸ்கூட்டருக்கு எது கட்டுப்படியாகும்?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் "சாதாவா, ப்ரீமியமா?" என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே ப்ரீமியம் பக்கத்து நாசிலைக் கையில் எடுப்பதும் உண்டு. "இருநூறுக்குப் போடுங்க" என்று சொல்லும் ஆளுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. சாதா லிட்டர் 101 ரூபாய், ப்ரீமியம் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு ரூபாய்க்கு சாதா 1.98 லிட்டர் வரும், ப்ரீமியம் 1.83 லிட்டர்தான் வரும். கொடுக்கும் காசு ஒன்றுதான், ஆனால் டேங்கில் 150 மில்லி குறைகிறது. (விலை ஊருக்கு ஊர், பங்குக்குப் பங்கு மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.)

சரி, அந்த எட்டு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? ஒன்று ஆக்டேன், இன்னொன்று எஞ்சினுக்குள் அழுக்கு படியாமல் பார்த்துக்கொள்ளும் சேர்மானம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "ப்ரீமியம் போட்டா வண்டி பறக்கும்" என்ற பேச்சு வருகிறது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் அல்ல. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும்போது, ஸ்பார்க்கில் தொடங்கிய எரிப்பு பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் அதற்கு நாக்கிங் என்று பெயர். அப்படிப் பற்றாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அழுத்தம் அதிகமான எஞ்சினுக்கு அதிக ஆக்டேன் வேண்டும். கேடிஎம் 390 ட்யூக் போன்ற பைக்கில் அழுத்த விகிதம் 12-க்கு மேல். அலுவலகத்துக்கு ஓட்டும் 110 சிசி ஸ்கூட்டரில் அது 9.5, 10 என்ற அளவில்தான் இருக்கும். சாதா பெட்ரோலை மனதில் வைத்தே வடிவமைத்த எஞ்சின் அது. இல்லாத நாக்கிங்கைத் தடுக்கக் காசு கொடுப்பதில் என்ன பயன்? அதிலும் இந்த ரக ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் சென்சாரே கிடையாது. நல்ல ஆக்டேன் வந்திருக்கிறது என்று தெரிந்து ஸ்பார்க் நேரத்தை முன்னால் தள்ளிக்கொள்ள அந்த எஞ்சினுக்கு வழியில்லை.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. பிஎஸ்-6 வந்தபோது சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91, ப்ரீமியம் 95. அந்த நான்கு எண் வித்தியாசம்தான் ப்ரீமியத்தின் முக்கிய விளம்பரம். இப்போது சாதா பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. அதைக் கலந்ததால் சாதா பெட்ரோலே 95 அளவுக்கு வந்துவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அப்படியென்றால் 95 ப்ரீமியத்தில் தனியாக மிஞ்சுவது அந்தச் சேர்மானம் மட்டும்தான்.

சேர்மானத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்ஜெக்டர் முனையிலும் உள்ளிழுக்கும் வால்வின் முதுகிலும் படியும் கரியை அது மெதுவாகக் கரைக்கும். ஆனால் அதனால் மைலேஜ் எவ்வளவு ஏற வேண்டும் என்று பாருங்கள். 101 ரூபாய்க்கு மேல் 8 ரூபாய் என்பது ஏறக்குறைய 8 சதவீதம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, போட்ட காசுக்குச் சரிக்கட்டவே 48.5-க்கு மேல் கொடுத்தாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் பெட்ரோலை மாற்றியதால் மட்டும் அவ்வளவு ஏறாது. ஏறியிருந்தால் அதற்கு முன்பு வண்டியில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் மெக்கானிக் கடை.

மாதக் கணக்கும் போட்டுவிடலாம். தினம் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 1,000 கிலோமீட்டர். செலவாகும் பெட்ரோல் சுமார் 22 லிட்டர். ப்ரீமியத்துக்குக் கூடுதலாக மாதம் 175 ரூபாய், வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் காசில் நேரத்துக்கு ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றிவிட்டு மிச்சமும் பார்க்கலாம். மைலேஜில் தெரியும் வித்தியாசம் அங்கேதான் வரும். டயரில் காற்று குறைந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல் ஊற்றியும் பிரயோஜனமில்லை.

100 ஆக்டேன் பெட்ரோல் வேறு கதை. லிட்டர் 160 ரூபாயை ஒட்டி விற்கிறது. எத்தனால் இல்லை என்பதற்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. (95 ப்ரீமியத்திலும் எத்தனால் கலக்கிறது, எத்தனாலுக்குப் பயந்து அதை வாங்குவதில் அர்த்தமில்லை.) 20 சதவீத எத்தனாலால் இருசக்கர வண்டியில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்பது நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு. அந்த 4 சதவீதத்தைத் திரும்பப் பிடிக்க 60 சதவீதம் கூடுதல் விலை கொடுப்பது எனக்குப் புரியாத கணக்கு. 45 கொடுக்கும் ஸ்கூட்டர் 70-ஐத் தாண்டினால்தான் அது கட்டும்.

நம்பிக்கையில்லையா, உங்கள் வண்டியிலேயே அளந்து பாருங்கள். ஆனால் ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாசில் கட் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நான்கு லிட்டர் நிரப்பும்போது 200 மில்லி முன்னே பின்னே போனால் அதுவே 5 சதவீதப் பிழை. ஒரே பங்கில், கட் ஆனதும் நிறுத்தச் சொல்லி ஃபுல் போட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்தடுத்து ஐந்து தடவை ஃபுல் போட்டு, பில்லில் உள்ள லிட்டரை மொத்தமாகக் கூட்டி, ஓடிய தூரத்தை அதனால் வகுங்கள். நடுவில் வந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் ஃபுல்லிலும் கடைசி ஃபுல்லிலும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். 20 லிட்டரில் 200 மில்லி என்றால் 1 சதவீதம்தான். அப்புறம் அதே பாதையில் ப்ரீமியத்தை வைத்து இன்னொரு சுற்று.

யாருக்கு ப்ரீமியம் சரி? டேங்க் மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ சாதாவைவிட அதிக ஆக்டேனைக் கேட்டிருந்தால் அதைத்தான் போட வேண்டும். அங்கே பேச்சுக்கே இடமில்லை. நாக் சென்சார் உள்ள டர்போ பெட்ரோல் கார்களில், வெயில் காலத்தில் நாலு பேரோடு மலை ஏறும்போது நல்ல ஆக்டேனின் பலன் தெரியலாம். பழைய கியர் வண்டி ஒன்றில், மேம்பாலம் ஏறும்போது மேல் கியரில் த்ராட்டிலைத் திறந்தால் 'டிங் டிங்' என்று உலோகச் சத்தம் வந்து, ஒரு கியர் குறைத்ததும் நின்றுவிடுகிறதா? அது நாக்கிங். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதும் கேட்டால் டேப்பட் சத்தமாக இருக்கலாம், அதற்குப் பெட்ரோல் மருந்தல்ல. நாக்கிங்காகவே இருந்தாலும், சாதாவில் முன்பு ஒழுங்காக ஓடிய வண்டி என்றால் சிலிண்டரில் கரி ஏறியிருக்கிறதா, பிளக் சரியான ரகமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ப்ரீமியம் அந்தச் சத்தத்தை அடக்கினாலும், கரி அங்கேயே இருக்கும்.