சம்பள ஜப்தி: டொராண்டோவிலிருந்து மதுரைக்கு மூன்று வாரம்

அப்பா கடனாகக் கொடுத்த பணத்துக்கு 2021-லேயே கோர்ட்டில் டிகிரி, அதாவது பணத்தைத் திருப்பித் தரச்சொல்லும் தீர்ப்பாணை, கிடைத்துவிட்டது. வழக்குச் செலவோடு 6,40,000 ரூபாய். கடன் வாங்கியவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. டிகிரியே கையில் இருக்கும்போது கோர்ட் தானாக வசூலித்துத் தரும் என்றுதான் வெளிநாட்டிலிருந்த நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வழக்கில் வென்றவர்தான் டிகிரியை நிறைவேற்றித் தரச்சொல்லி நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு.

கடன் வாங்கியவர் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மாதச் சம்பளம் 46,000. அதனால் சம்பள ஜப்தி கேட்டு அப்பா ஏற்கெனவே ஒரு மனு போட்டிருந்தார். அது நகரவே இல்லை. ஏன் என்று இந்த முறை புது வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. தனியார் ஊழியர் என்றால், சம்பளம் வழங்கும் அதிகாரி அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்க வேண்டும். அவர் வேலை பார்ப்பது மதுரையில், சம்பளம் போடுவது சென்னை அலுவலகம். டிகிரியைச் சென்னைக் கோர்ட்டுக்கு மாற்றி வாங்கி, அங்கே மனு போட்டிருக்க வேண்டும். முந்தைய வக்கீல் இதைச் சொல்லாததில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

"மாற்றினால் முழுத்தொகையும் வந்துவிடுமா சார்?" என்றேன்.

"வராது தம்பி" என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது. மீதி 45,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மாதம் 15,000தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். அதன் பிறகு அந்த டிகிரிக்காக அவர் சம்பளத்தை மறுபடி ஜப்தி செய்யவே முடியாது. ஆக 3,60,000. பாக்கி 2,80,000 வேறு வழியில்தான் வர வேண்டும், வட்டி தனி. கம்பெனி உத்தரவை மீறிச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டால், அந்தத் தொகைக்குக் கம்பெனியே பொறுப்பு என்பது மட்டும் ஆறுதல்.

பாக்கிக்கு நிலத்தைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்துத் தாலுகாவில் அவருக்கு மனை இருப்பதாக அப்பா காதில் விழுந்திருக்கிறது. ஆனால் சர்வே எண் தெரியாமல் வில்லங்கச் சான்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது? இதற்கும் வழி இருக்கிறது: சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தரச்சொல்லிக் கோர்ட்டிலேயே மனு போடலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. அந்த மனுவைப் போட்டோம். நோட்டீஸ் போன பத்தாம் நாள் அவர் அப்பாவுக்குப் போன் செய்தார், முதல்முறையாக.

தவணை பேசினார். எதுவானாலும் கோர்ட்டில் பதிவாகட்டும், கையில் வாங்க வேண்டாம் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வாங்கிய பணம் கோர்ட் பதிவில் ஏறாவிட்டால், எவ்வளவு கட்டினார் என்பதே அடுத்த தகராறாகிவிடும். மனைமேல் ஜப்தி உத்தரவு வரும்வரை எந்த மனுவையும் திரும்பப் பெறுவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.