இஓஆர் வழியாக வெளிநாட்டு வேலை: சம்பளச் சீட்டில் என்ன மாறுகிறது, சில வருடங்களில் என்ன தெரிகிறது

கோவையிலோ சென்னையிலோ வீட்டிலிருந்தபடி அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்களில் பலருக்கு ஆஃபர் லெட்டர் அந்தக் கம்பெனியின் பெயரில் வருவதில்லை. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் பதிவு இல்லை. அதனால் இங்கே பதிவு உள்ள வேறொரு நிறுவனம் சட்டப்படி முதலாளியாகக் கையெழுத்திடுகிறது. இதுதான் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு, சுருக்கமாக இஓஆர். வேலை சொல்வதும் லீவு அனுமதிப்பதும் வெளிநாட்டு மேனேஜர். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, பி.எஃப். கட்டுவது, ஃபார்ம் 16 தருவது எல்லாம் இஓஆர். இந்த ஏற்பாட்டில் சில வருடங்கள் இருந்தவர்களின் சம்பளச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பணம் எங்கே குறைகிறது, எங்கே சேர்கிறது, எங்கே காணாமல் போகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதல் குழப்பம் ஆஃபரில் சொல்லும் தொகையிலேயே தொடங்குகிறது. அமெரிக்க மேனேஜர் வருடச் சம்பளம் என்று ஒரு எண்ணைச் சொன்னால், அவர் மனதில் இருப்பது கிராஸ் சம்பளம். முதலாளி தன் பங்காகக் கட்டுவது அதற்கு மேல் தனி. இந்தியாவில் அதே எண் சி.டி.சி. ஆகிவிடுகிறது. முதலாளியின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவதும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டும் எவ்வளவு வித்தியாசப்படும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

வருடம் 24 லட்சம், மாதம் 2,00,000 என்று பேசி முடித்திருக்கிறார்கள். பேஸிக் அதில் பாதி, 1,00,000. இஓஆர் இதை சி.டி.சி.யாக எடுத்துக்கொண்டால், முதலாளியின் பி.எஃப். பங்கு பேஸிக்கில் 12 சதவீதம், 12,000. கிராஜுவிட்டி ஒதுக்கீடு 4.81 சதவீதம், 4,810. இரண்டையும் கழித்தால் கிராஸ் 1,83,190. அதிலிருந்து ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 12,000. புதிய வரி முறையில், 2025–26 நிதியாண்டின் அளவுகளில், 75,000 நிலையான கழிவு போக வருட வரி செஸ் சேர்த்து சுமார் 2,40,000; மாதம் சுமார் 20,000. கைக்கு வருவது ஏறத்தாழ 1,51,000.

அதே 2,00,000 கிராஸ் என்றும், முதலாளியின் பங்கு அதற்கு மேல் என்றும் கையெழுத்தாகியிருந்தால், வரி சற்றுக் கூடினாலும் கைக்கு 1,63,600 வந்திருக்கும். மாதம் 12,000க்கு மேல், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை; இரண்டு நாட்டு வழக்கம் ஒரே எண்ணில் மோதுகிறது, அவ்வளவுதான். மூன்றாவதாக இன்னொரு அர்த்தமும் உண்டு. சில கம்பெனிகள் சொல்லும் எண் அவர்களுடைய மொத்த பட்ஜெட். இஓஆர் மாதாமாதம் வாங்கும் கட்டணமும் அதற்குள் இருக்கும். ஒருவருக்கு மாதம் 500, 600 டாலர் வரை கட்டணம் இருப்பது சாதாரணம். 2 லட்ச ரூபாய் பட்ஜெட்டில் அது பெரிய துண்டு. எனவே ஆஃபர் பேசும்போதே, ‘இந்த எண் கிராஸா, சி.டி.சி.யா, இஓஆர் கட்டணம் உட்பட்டதா’ என்று வெளிநாட்டு மேனேஜரிடம் மெயிலில் எழுதிக் கேட்டு, மாதிரி சம்பளச் சீட்டு ஒன்றை இஓஆரிடம் வாங்கிப் பார்த்த பிறகே பழைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டும். மாதிரிச் சீட்டைத் தரத் தயங்கும் இஓஆரை நம்பக் காரணமில்லை.

பி.எஃப். விஷயத்தில் ஒரு தெரிவு இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. சில இஓஆர் முழு பேஸிக்குக்கும் 12 சதவீதம் கட்டும். சில சட்டத்தின் குறைந்தபட்ச அளவான 15,000க்கு மட்டும், அதாவது 1,800 கட்டும். மேலே சொன்ன சி.டி.சி. கணக்கில் 1,800 என்று வைத்தால் கைக்கு வருவது 1,51,000லிருந்து கிட்டத்தட்ட 1,69,000 ஆகும். ஆனால் இரு பங்கும் சேர்த்துக் கணக்கில் விழுவது 24,000க்குப் பதில் 3,600. கைக்கு 18,000 கூடுகிறது, சேமிப்பில் 20,400 குறைகிறது. வித்தியாசம் வரியாகப் போகிறது. வீட்டுக் கடன் தவணை நெருக்குகிற குடும்பத்துக்கு 1,800 கட்டும் வழி பொருந்தலாம். மற்றவர்கள் முழு பேஸிக்குக்குக் கேட்டு வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. சேரும்போதுதான் இதைக் கேட்க முடியும், நடுவில் மாற்ற இஓஆர் ஒத்துக்கொள்வது அரிது.

கான்ட்ராக்டராக இருந்து இஓஆருக்கு மாறுகிறவர்களுக்குத்தான் முதல் மாதச் சீட்டு அதிர்ச்சி தரும். அதே 24 லட்சத்தைத் தொழில்முறை வருமானமாக வாங்கி, அனுமான வரி முறைக்குத் தகுதியும் இருந்தால், பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 12 லட்சம் என்றால், வேறு வருமானம் இல்லாதவருக்கு வரித் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், சேவை ஏற்றுமதி என்பதால் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் வரி கட்டாமல் பில் போடலாம். ஆக, முழு 2 லட்சமும் கையில் நின்ற இடத்தில் திடீரென்று 1,51,000. அதில் மாதம் 24,000 பி.எஃப்.பில் அவர் பெயரிலேயே சேர்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான இழப்பு 25,000 அளவுக்கு இறங்கும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது சம்பளத்தோடு லீவு, குழு மருத்துவக் காப்பீடு, பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, வங்கி ஏற்கும் சம்பளச் சீட்டு. இந்த மாற்றத்தை கம்பெனிதான் கேட்கிறது என்றால், 24 லட்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாறச் சம்மதிக்கக் கூடாது. இழப்பை எண்ணாகக் காட்டி, சி.டி.சி.யை உயர்த்தக் கேட்பது நியாயமே. ஊழியரைக் கான்ட்ராக்டர் என்று வைத்திருந்த சட்டச் சிக்கலிலிருந்து அவர்களும்தானே வெளியே வருகிறார்கள்.

டாலரும் இங்கே மறைந்துவிடுகிறது. இஓஆர் ஒப்பந்தம் ரூபாயில் எழுதப்படும். சேரும் நாளின் மாற்று விகிதம் அப்படியே உறைந்துவிடும். பிறகு ரூபாய் மதிப்பு இறங்கினால் லாபம் கம்பெனிக்கு, ஊழியருக்கு அல்ல. வருடா வருடம் சம்பள உயர்வு பேசும்போது, டாலரில் தன் சம்பளம் அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்துச் செல்வது பலிக்கிற வாதம்.

மூன்று, நான்கு வருடம் போனபின் தலைதூக்குவது கிராஜுவிட்டி. மாதம் 4,810 என்பது வருடத்துக்கு 57,720. இது கழிவாகச் சீட்டில் தெரியாது, சி.டி.சி.யிலேயே குறைந்துவிடுகிறது. பொதுவான விதிப்படி ஒரே முதலாளியிடம் 5 வருடம் முடித்தால்தான் கிடைக்கும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இங்கே முதலாளி யார்? இஓஆர். வெளிநாட்டு கம்பெனி மூன்றாவது வருடம் செலவைக் குறைக்க வேறு இஓஆருக்கு மாறினாலோ, பெங்களூரில் சொந்தக் கிளை திறந்து எல்லோரையும் அதற்கு மாற்றினாலோ, ஊழியர் ஒரு இடத்தில் ராஜினாமா செய்து இன்னொரு இடத்தில் புதிதாகச் சேர்கிறார். வேலை அதே, மேனேஜர் அதே, லேப்டாப்கூட அதே. ஆனால் 5 வருடக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மூன்று வருடத்தில் ஒதுக்கிய 1,73,160 ரூபாய் அவருக்குக் கிடைக்காது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது: குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் முடித்தாலே சேவைக்காலத்துக்கு ஏற்ப கிராஜுவிட்டி உண்டு. எனவே தன் ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா, காலவரையற்றதா என்பதை ஒவ்வொருவரும் எடுத்துப் பார்க்க வேண்டும். காலவரையற்றதாக இருந்தால், மாற்றம் நடக்கும்போது ராஜினாமாக் கடிதம் அனுப்பும் முன்பே இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: பழைய சேவைக்காலத்தைப் புதிய முதலாளி ஏற்கிறார் என்ற எழுத்துப்பூர்வ உறுதி, அல்லது ஒதுக்கிய தொகைக்கு ஈடாக ஒருமுறைப் பணம். ராஜினாமா போன பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் அவசியமில்லை.

இதே மாற்றம் வருட நடுவில் நடந்தால் வரியில் இன்னொரு அடி விழும். மேலே சொன்ன ஊழியர் அக்டோபரில் புதிய இஓஆருக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழையவர் ஆறு மாதத்தில் 1,20,000 பிடித்திருப்பார். முந்தைய சம்பள விவரத்தைக் கொடுக்காவிட்டால், புதியவர் தன்னிடம் வரும் ஆறு மாதச் சம்பளமான 10,99,140ஐ மட்டும் பார்ப்பார். நிலையான கழிவு போக 12 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரி பிடிக்கவே மாட்டார். சீட்டில் மாதம் 20,000 கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டால், ரிட்டர்ன் போடும்போது 1,20,000 பாக்கியும் அதற்கு வட்டியும் நிற்கும். இஓஆர் மாறிய மாதத்தில் வரிப்பிடிப்பு திடீரென்று பூஜ்யமானால் அதுதான் அறிகுறி. பழைய இடத்துச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் உடனே புதிய இஓஆரிடம் கொடுத்தால், மீதி மாதங்களில் சரிசெய்துவிடுவார்கள்.

பி.எஃப்.பைப் பொறுத்தவரை யுஏஎன் என்ற உறுப்பினர் எண் ஒன்றே தொடர்வதால் பணம் தொலையாது. பழைய இஓஆர் விலகிய தேதியைப் பதியாமல் விட்டால் மாற்றக் கோரிக்கை நின்றுவிடும். கடைசி மாதப் பங்கு விழுந்து இரண்டு மாதம் ஆனபின் அந்தத் தேதியை உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம், எச்.ஆர். பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஷேர் ஆப்ஷன் தருகிறோம் என்று வெளிநாட்டு கம்பெனி சொன்னால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஷேர் தருவது அவர்கள், சம்பளம் போடுவது இஓஆர். ஆப்ஷனைப் பயன்படுத்தி ஷேர் வாங்கும் நாளில், சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே வரிக்குரியது. அது நடந்ததே இஓஆருக்குத் தெரியாமல் போவதால் யாரும் வரி பிடிப்பதில்லை. ஆப்ஷனைப் பயன்படுத்தும் முன்பே ஆடிட்டரைப் பார்த்து, முன்கூட்டிய வரியை அந்தக் காலாண்டிலேயே கட்டிவிட வேண்டும். ஷேர் கைக்கு வந்தபின் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் காட்டியே ஆக வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் அபராதம் விழக்கூடும்.

காப்பீட்டில் கேட்க வேண்டியது இரண்டுதான்: பெற்றோர் சேர்ந்திருக்கிறார்களா, கடைசி வேலை நாளோடு முடிகிறதா. பெரும்பாலும் முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்றே பதில் வரும். இஓஆர் மாறும்போது பழைய காப்பீடு முடிகிற நாளும் புதியது தொடங்குகிற நாளும் ஒட்டி வருகின்றனவா என்று பாலிசித் தேதிகளை வாங்கிப் பாருங்கள். இடையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ இருக்கும் குடும்பம், அந்த இடைவெளிக்குள் வராதபடி மாற்றத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.